80 கிலோமீட்டர்னு சொன்ன ஸ்கூட்டர் 24-ல நின்னுச்சு: சுங்கை சிப்புட்ல அக்கா வாங்குன ரெண்டு கரண்டு ஸ்கூட்டரோட கணக்கு

நான் சுங்கை சிப்புட்ல வயரிங் வேலை பாக்குறவன். அக்கா வீடு டவுன்லேர்ந்து உள்ள, செம்பனை தோட்டத்த ஒட்டி இருக்கிற பழைய குவாட்டர்ஸ் பக்கம். அக்காவுக்கு வேலை கோலகங்சார் போற வழியில, வாசல்லேர்ந்து வாசலுக்கு சரியா 16 கிலோமீட்டர், போக வர 32. பையன ஸ்கூல்ல விடுறது, சாயங்காலம் கடைக்கு போறது எல்லாம் சேத்தா ஒரு நாளைக்கு 38 வரைக்கும் போகும். இந்த ஒரு கணக்குக்காக அக்கா ரெண்டு கரண்டு ஸ்கூட்டர் வாங்குச்சு, முதல்ல வாங்கினது எட்டு மாசத்துல படுத்துருச்சு, ரெண்டாவது பதிமூணு மாசமா ஓடிக்கிட்டிருக்கு, அது ஏன் போச்சு இது ஏன் நிக்குதுன்னு அளந்து பாத்தத அப்படியே எழுதுறேன்.

முதல் ஸ்கூட்டர் வாங்கும்போது நான் கூட போகல. கடையில போர்டுல பெருசா 80 கிலோமீட்டர்னு எழுதியிருந்திருக்கு, அக்கா மனசுக்குள்ள "எனக்கு வேண்டியது 32 தானே, பாதி கூட இல்லையே"ன்னு நெனச்சு கையெழுத்து போட்டுருச்சு. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. உள்ள இருந்தது லெட் ஆசிட் பேட்டரி, கார் பேட்டரி மாதிரி சாதி, 12 வோல்ட் 20 ஆம்பியர் அவர் பெட்டி ஆறு, வரிசையா கோத்து 72 வோல்ட். வோல்ட்ட ஆம்பியர் அவரால பெருக்குனா வாட் அவர் வரும், 72 × 20 = 1,440. டேங்குக்குள்ள எத்தன லிட்டர்ங்கிற மாதிரி இதுதான் ஸ்கூட்டரோட டேங்கு. கடையில யாரும் இந்த நம்பர சொல்ல மாட்டாங்க, கிலோமீட்டர் மட்டும்தான் சொல்வாங்க.

அந்த 80 பொய்யான்னா முழுசா பொய் இல்ல. ஒல்லியான ஒருத்தர் மட்டும் ஏறி, சமமான ரோட்டுல, எங்கயும் நிக்காம, மணிக்கு 25 கிலோமீட்டர்ல ஓட்டிக்கிட்டே இருந்தா கிலோமீட்டருக்கு 15 வாட் அவர் கிட்டதான் செலவாகும், அப்ப 80 வந்துரும். ஆனா பெரிய ரோட்டுல பின்னாடி செம்பனை லோரி ஹார்ன் அடிச்சுக்கிட்டு வரும்போது 25-ல யாரு போவாங்க. வேகம் ஏற ஏற காத்து தள்ளுற தள்ளு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட தடை நாலு மடங்கு. நான் போட்டு பாத்த கணக்குல ஸ்கூட்டரும் ஆளும் சேந்து 180 கிலோன்னு வச்சா, 45-ல போகும்போது கிலோமீட்டருக்கு 28 வாட் அவர் போகுது, 65-ல போனா 48 கிட்ட போகுது. இருபது கிலோமீட்டர் வேகம் கூட்டுனதுக்கு செலவு முக்கால் பங்கு ஏறிப்போச்சு.

இன்னொன்னு லெட் ஆசிட்டோட குணம். மெதுவா உறிஞ்சுனா 20 ஆம்பியர் அவர் குடுக்கும், வேகமா உறிஞ்சுனா அவ்வளவு குடுக்காது. ஏத்தத்துல முழு த்ராட்டில் போடும்போது 30 ஆம்பியர் இழுத்தா அந்த பேட்டரி எழுதியிருக்கிறதுல எண்பது சதவீதம்தான் குடுக்கும், சில சமயம் அதுக்கும் கீழ. 1,440-ல எண்பது சதவீதம் 1,150. அக்கா ஓட்டுற விதத்துக்கு கிலோமீட்டருக்கு 37 வாட் அவர், இது எப்படி வந்துச்சுன்னு கீழ சொல்றேன், 1,150-ஐ 37-ஆல வகுத்தா 31 கிலோமீட்டர். அக்காவுக்கு வேண்டியது 32. புது பேட்டரியிலேயே பத்தல, அதனாலதான் முதல் மாசமே வீடு வந்து சேரும்போது கடைசி கட்டம் மின்னிக்கிட்டு, தோட்டத்து ரோட்டுல ஆமை மாதிரி வந்திருக்கு. வேல இடத்துல சார்ஜ் போட இடம் இல்ல.

தினமும் அடிமட்டம் வரைக்கும் காலி பண்ணா லெட் ஆசிட் எரநூறு முன்னூறு தடவைதான் தாங்கும். எட்டு மாசம், மாசம் 26 நாள், எரநூறு தடவைக்கு மேல ஆச்சு. எட்டாவது மாசம் ஒரு நாள் 24 கிலோமீட்டர்ல நடு ரோட்டுல நின்னுருச்சு, அக்கா போன் பண்ணி "தம்பி, மழை வேற வருது, ஒரு வேன பிடிச்சுக்கிட்டு வாடா"ன்னுச்சு, நாப்பது கிலோ பேட்டரியோட இருக்கிற ஸ்கூட்டர தள்ளிக்கிட்டு போறது லேசு இல்ல.

வீட்டுக்கு கொண்டாந்து ராத்திரி ஃபுல் சார்ஜ் போட்டு, மறுநாள் காலையில சீட்ட தூக்கி மல்டிமீட்டர் வச்சு பாத்தேன். சும்மா நிக்கும்போது ஆறு பெட்டியும் 12.8, 12.9-ன்னு அழகா காட்டுது. இதுலதான் ஏமாந்து போவோம், நின்னுக்கிட்டிருக்கிற பேட்டரிய அளந்தா ஒன்னும் தெரியாது. ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்த தூக்கி சுத்தவிட்டாலும் லோடு பத்தாது. மச்சான ஏத்திக்கிட்டு ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு, ஏத்தத்துல அவரு த்ராட்டில் போட நான் பின்னாடி உக்காந்து மீட்டர பிடிச்சு ஒவ்வொரு பெட்டியா அளந்தோம். அஞ்சு பெட்டி 11.7 பக்கம் நின்னுச்சு, நாலாவது பெட்டி மட்டும் 9.6-க்கு விழுந்துச்சு. வரிசையில கோத்த பேட்டரியில ஒன்னு விழுந்தா மொத்தமும் விழும், மத்த அஞ்சுலயும் கரண்டு இருக்கும், ஆனா கன்ட்ரோலர் மொத்த வோல்ட்ட பாத்துட்டு ஆஃப் பண்ணிரும்.

கடையில அந்த ஒன்ன மட்டும் மாத்தி குடுத்தாங்க. மூணு வாரத்துல இன்னொரு பெட்டி போச்சு. பழைய அஞ்சோட புதுச ஒன்ன கோத்தா, சார்ஜ் ஏறும்போது புதுசும் பழசும் ஒரே நேரத்துல நிறையாது, ஒன்னு பொங்கும் ஒன்னு பத்தாம நிக்கும், இருக்கிறதுல சோர்ந்தது சீக்கிரம் சாகும். மாத்துறதா இருந்தா ஆறையும் சேத்து மாத்தணும், அதுக்கு அந்த கடையில கேட்டது 900 வெள்ளி.

அந்த 900-ஐ வச்சு நான் ஒரு கணக்கு போட்டேன், அதுதான் எங்க வீட்டுல எல்லாரையும் யோசிக்க வச்சது. எட்டு மாசத்துல ஓடினது 6,600 கிலோமீட்டர் சொச்சம். 900-ஐ அதால வகுத்தா கிலோமீட்டருக்கு 13 சென்னுக்கு மேல, பேட்டரி தேயுறதுக்கு மட்டும். பழைய கப்சாய் நூறு கிலோமீட்டருக்கு ரெண்டு லிட்டர் குடிக்கும், பூடி 95 விலையில 1.99 போட்டா கிலோமீட்டருக்கு 4 சென். ஸ்கூட்டருக்கு கரண்டு செலவு யூனிட்டுக்கு 45 சென்னு தாராளமா வச்சாலும் கிலோமீட்டருக்கு ரெண்டு சென் கூட வராது. அதாவது நம்ம நாட்டுல பெட்ரோல் மலிவு, கரண்டுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் ரெண்டு சென், மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுனா 20 வெள்ளி மிச்சம், அவ்வளவுதான். எஞ்சின் ஆயில் மாத்துற செலவு இல்லங்கிறத சேத்தா இன்னும் கொஞ்சம். பேட்டரி எத்தன கிலோமீட்டர் உயிரோட இருக்குங்கிறதுலதான் முழு லாப நட்டமும் கெடக்கு. சின்ன பேட்டரி வாங்கி தினமும் அடிவரைக்கும் உறிஞ்சுனா பெட்ரோல விட மூணு மடங்குக்கு மேல செலவு, அக்கா அத எட்டு மாசம் கட்டியிருக்கு.

ரெண்டாவது தடவ வாங்குறதுக்கு முன்னாடி அளக்காம வாங்கக்கூடாதுன்னு நான் பிடிவாதமா இருந்தேன். டவுன்ல என் கூட்டாளி ஒருத்தன்கிட்ட லித்தியம் பேட்டரி ஸ்கூட்டர் இருந்துச்சு, அத மூணு நாள் கேட்டு வாங்கி அக்காவையே அதே நேரத்துக்கு அதே வழியில போகச்சொன்னேன், வேகம் கம்மி பண்ணாத, எப்பவும் போற மாதிரியே போன்னு சொல்லி. சார்ஜர சுவத்துல மாட்டுற இடத்துல நடுவுல ஒரு சின்ன மீட்டர் மாட்டினேன், ப்ளக்குல சொருகி எத்தன யூனிட் போச்சுன்னு காட்டுற சாமான், ஆன்லைன்ல முப்பது நாப்பது வெள்ளிக்கு கிடைக்கும். மூணு நாள்ல 96 கிலோமீட்டர், சுவத்துலேர்ந்து எடுத்தது 4.0 யூனிட். கிலோமீட்டருக்கு 42 வாட் அவர். சார்ஜர் சூடாகி வீணாக்குறது, பேட்டரிக்குள்ள ஏறும்போது வீணாகுறது ரெண்டுக்கும் சேத்து 12 சதவீதம் கழிச்சா பேட்டரியிலேர்ந்து போறது 37.

இந்த 37 எங்க போகுதுன்னு பிரிச்சு பாத்தப்போ எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. காலையில முதல் 3 கிலோமீட்டர் தோட்டத்து ரோடு, குண்டும் குழியுமா, 25-க்கு மேல போக முடியாது, அங்க மொத்தமே 54 வாட் அவர்தான். அப்புறம் டவுன்ல 2 கிலோமீட்டர், ஸ்கூல் வாசல் ஜாம், ட்ராஃபிக் லைட்டு, அங்க 70. மிச்சம் 11 கிலோமீட்டர் பெரிய ரோடு 55, 60-ல, அங்கதான் 460 போகுது. ஒரு வழிக்கு மொத்தம் 584, அதுல நாலுல மூணு பங்குக்கு மேல திறந்த ரோட்டுல. ஜாம்ல ரேஞ்ச் போயிருமேன்னு எல்லாரும் பயப்படுறாங்க, பெட்ரோல் வண்டிக்கு அது சரி, நிக்கும்போதும் எஞ்சின் எரியும். கரண்டு ஸ்கூட்டர் நிக்கும்போது லைட்டுக்கு மட்டும்தான் செலவு. நின்னு கெளம்புறதுக்கு ஒரு செலவு இருக்கு, 180 கிலோவ 50 வரைக்கும் வேகம் ஏத்துறதுக்கு ஏறக்குறைய 6 வாட் அவர், அதாவது 160 மீட்டர் ஓடுற அளவு. பத்து தடவ அப்படி முழு வேகத்துக்கு ஏறி பிரேக் அடிச்சா ஒன்றரை கிலோமீட்டர் போச்சு. சிகப்பு விழுறத தூரத்துலேயே பாத்து த்ராட்டில விட்டுட்டு உருண்டு வந்தா அதுல பாதி மிச்சம். பெரிய ரோட்டுல 60-க்கு பதிலா 50-ல போனா அதவிட ரொம்ப மிச்சம், ஆனா லோரி ரோட்டுல பொம்பளப்புள்ளய பேட்டரிக்காக மெதுவா போன்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்கு தகுந்த பேட்டரிய வாங்குறதுதான் சரி.

அப்ப எத்தன வாட் அவர் வாங்கணும்? 38 கிலோமீட்டர், 37 வாட் அவர், பெருக்குனா 1,400 சொச்சம். இத அப்படியே வாங்குனா பழைய கதைதான். பேட்டரிய தினமும் 20-க்கு கீழ விடாம, 90-ல நிறுத்தணும்னா நமக்கு கையில கிடைக்கிறது எழுபது சதவீதம், அதனால 1,400-ஐ 0.7-ஆல வகுக்கணும், 2,000. அப்புறம் நாலஞ்சு வருஷம் கழிச்சு பேட்டரி எண்பது சதவீதமா தேஞ்சு போனாலும் அதே வழிய ஓட்டணும்ல, அதனால 0.8-ஆல இன்னொரு தடவ வகுக்கணும், 2,500. சுருக்கமா நம்ம தினசரி தேவைக்கு ரெண்டு மடங்குக்கு கொஞ்சம் கம்மி.

கடையில ரெண்டு இருந்துச்சு, 72 வோல்ட் 30 ஆம்பியர் அவர், 2,160. இன்னொன்னு 72 வோல்ட் 40, 2,880. விலை வித்தியாசம் 800 வெள்ளி. மச்சான் "30 போதும்லா, கணக்குல வருதே"ன்னாரு. புதுசா இருக்கும்போது வரும் மச்சான், தினமும் அறுபத்தஞ்சு சதவீதம் உறிஞ்சும், தேஞ்ச அப்புறம் எண்பதுக்கு மேல உறிஞ்சும், ஒரு நாள் ராத்திரி சார்ஜ் போட மறந்தா மறுநாள் வேலைக்கு போக முடியாதுன்னேன். 40-ல ஒரு நாள் மறந்தாலும் மறுநாள் போயிட்டு வந்துரலாம், மட்டமாத்தான் வரும், ஆனா வந்துரும். 40-ஐ எடுத்தோம். இதுல ஒரு குறை இருக்கு, பேட்டரி இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல, கழட்டி வீட்டுக்குள்ள தூக்கிட்டு போக அக்காவால முடியாது. அக்கா வீடு தரை வீடு, ஸ்கூட்டர வராந்தா வரைக்கும் ஏத்திரலாம். லிஃப்ட் இல்லாத ஃப்ளாட்ல நாலாவது மாடியில இருக்கிறவங்க இத வாங்குனா தலவலி.

என்ன சாதி லித்தியம்னு கடைக்காரருக்கு சரியா சொல்லத்தெரியல. அதுக்கு சார்ஜர திருப்பி பாத்தா போதும். 72 வோல்ட் ஸ்கூட்டர்ல சார்ஜரோட அவுட்புட் 84 வோல்ட்னு இருந்தா உள்ள இருக்கிறது பெரும்பாலும் என்.எம்.சி, இருபது செல்லு, ஒவ்வொன்னும் 4.2 வரைக்கும். 87.6 வோல்ட்னு இருந்தா எல்.எஃப்.பி, இருபத்தி நாலு செல்லு, ஒவ்வொன்னும் 3.65 வரைக்கும். என்.எம்.சி எடை கம்மி, சின்னதா இருக்கும், எல்.எஃப்.பி கனம் ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு ஆயுசு கூட, கெட்டுப்போனாலும் தீப்பிடிக்கிற ஆபத்து கம்மி. நாங்க எடுத்தது 87.6. இதனாலேயே சார்ஜர மாத்தி போடக்கூடாது, பின்னு ஒரே மாதிரி இருக்கு, ஏறுதுன்னு கூட்டாளி சார்ஜர வாங்கி 84 வோல்ட் பேட்டரிக்கு 87.6 சார்ஜர் போட்டா, பேட்டரிக்குள்ள காவலுக்கு இருக்கிற பி.எம்.எஸ் போர்டு கட் பண்ணனும், அது பண்ணலன்னா செல்லு ஊதிரும்.

இன்னொரு விஷயம், பேட்டரி எல்லாம் பாக்குறதுக்கு முன்னாடியே பாக்க வேண்டியது, ஜேபிஜேயில பதிவாகி நம்பர் ப்ளேட்டு வருமான்னு கேட்டுருங்க. 2021 டிசம்பர்லேர்ந்து பதிவில்லாத சின்ன கரண்டு வண்டிங்கள பொது ரோட்டுல ஓட்ட தடை, இன்னமும் தோட்டத்து பக்கம் மலிவா இருக்குன்னு அத வாங்கிட்டு பெரிய ரோட்டுல ஏத்துறாங்க, விபத்துன்னா இன்சூரன்ஸ் ஒரு காசு வராது.

இப்ப சார்ஜ் போடுற கதை, என் தொழிலோட விஷயம்ங்கிறதால கொஞ்சம் நீட்டுறேன். பழைய ஸ்கூட்டரோட சார்ஜர் சுவத்துலேர்ந்து 300 வாட் இழுத்துச்சு, அதாவது 1.3 ஆம்பியர். புது சார்ஜர் 8 ஆம்பியர் அவுட்புட், சுவத்துலேர்ந்து 740 வாட், 3.2 ஆம்பியர். 13 ஆம்பியர் ப்ளக் பாயிண்டுக்கு இது ஒன்னுமே இல்ல, ரைஸ் குக்கர் அளவு. ஆனா ரைஸ் குக்கர் இருபது நிமிஷம், இது ரெண்டு மூணு மணி நேரம் விடாம.

அக்கா பழைய இடத்துலேயே, அலமாரிக்கு பின்னாடி இருந்த பாயிண்டுலேர்ந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து, கதவு இடுக்குல விட்டு வராந்தாவுல சார்ஜ் போட்டுக்கிட்டிருந்துச்சு. ரெண்டாவது வாரம் "தம்பி, ஏதோ மீன் வாடை மாதிரி வருது"ன்னு கூப்பிட்டுச்சு. பழுப்பேறி வேகுற பேக்லைட், ப்ளாஸ்டிக் வாடை சில பேருக்கு மீன் வாடை மாதிரிதான் தெரியும், அத அலட்சியம் பண்ணவே கூடாது. மெயின ஆஃப் பண்ணிட்டு ப்ளக்க புடுங்கி பாத்தா லைவ் பின்னு ஒரு பக்கம் பழுப்பா இருக்கு, சுவத்து பாயிண்ட கழட்டுனா வயர பிடிக்கிற ஸ்க்ரூ லூசு, அந்த இடம் கருகி கெடக்கு. லூசான இடத்துல ஒரு ஓம் தடை இருந்தா அதுல உண்டாகிற சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறும், 1.3 ஆம்பியர்ல ரெண்டு வாட் கூட இல்ல, அதே லூசுல 3.2 ஆம்பியர் போனா பத்து வாட்டு, ஒரு விரல் நுனி அளவு இடத்துல மூணு மணி நேரம் பத்து வாட். அந்த பாயிண்டு பல வருஷமா லூசாத்தான் இருந்திருக்கு, புது சார்ஜர் வந்துதான் காட்டிக்குடுத்துச்சு. இதுல ஃபியூஸ் போகாது, ட்ரிப் ஆகாது, ஏன்னா கரண்டு அளவு கூடவே இல்ல. தடவி பாக்குறதுதான் வழி, சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சுவிச்ச ஆஃப் பண்ணிட்டு ப்ளக்க தொட்டு பாருங்க, இளஞ்சூடு பரவால்ல, கை வைக்க முடியாத சூடுன்னா அந்த பாயிண்ட அன்னிக்கே நிறுத்தணும்.

வராந்தாவுல தனியா ஒரு பாயிண்டு போட்டேன். டிபி போர்டுலேர்ந்து நேரா 2.5 ஸ்கொயர் வயர், தனி பிரேக்கர், கரண்டு கசிஞ்சா கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, சாரல் அடிச்சாலும் தாங்குற மூடி போட்ட சாக்கெட். பழைய குவாட்டர்ஸ்ல எர்த்து இருக்கான்னு முதல்ல பாக்கணும், எங்க அக்கா வீட்டுல எர்த்து ராடு துருப்பிடிச்சு அறுந்தே போயிருந்துச்சு, அத புதுசா அடிச்சுட்டுத்தான் மத்தத. சுருஹான்ஜாயா தெனாகாவுல பதிவான வயர்மேன வச்சு பண்ணுங்க. எக்ஸ்டென்ஷன் வேற வழியில்லாம போடுறதா இருந்தா சுருட்டி வச்சுக்கிட்டு போடாதீங்க, முழுசா பிரிச்சு விடுங்க, சுருள்ல சூடு வெளிய போகாது. இடி மின்னல் வந்தா சார்ஜர புடுங்கிரணும், பேராக் பக்கம் சாயங்காலம் எப்படி இடிக்கும்னு தெரியும்ல.

பேட்டரி பராமரிப்புல அக்காகிட்ட நான் கேட்டது மூணே விஷயம்தான், நிறைய சொன்னா யாரும் செய்ய மாட்டாங்க. ஒன்னு, வேலைவிட்டு வந்த உடனே சார்ஜ் போடாத. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெயில்ல நின்ன வண்டி, 16 கிலோமீட்டர் ஓடி வந்த சூடு, பேட்டரிய தொட்டா கொதிக்கும், அந்த சூட்டோட சூடா கரண்டும் ஏத்துனா செல்லு தேயுறது வேகமாகும். ராத்திரி சாப்பிட்டு எட்டரைக்கு போடு, பதினொன்னுக்குள்ள முடிஞ்சுரும், நீ முழிச்சிருக்கும்போதே புடுங்கிட்டு படு. தூங்கும்போது சார்ஜ் ஓடக்கூடாதுங்கிறதும் அதுலேயே அடங்கிருது. ரெண்டு, வேலை இடத்துல நிழல்ல நிறுத்து. அக்கா காட்டுன இடம் தகரக்கொட்டாய்க்கு அடுத்த வெட்டவெளி, கங்காணி மாதிரி ஒருத்தர்கிட்ட பேசி கொட்டாய்க்குள்ள ஒரு ஓரம் வாங்குச்சு. மூணாவது, தினமும் 90-ல நிறுத்து, ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஞாயித்துக்கிழமை முழுசா நூறு வரைக்கும் விட்டு, அதுக்கு மேல ஒரு மணி நேரம் மாட்டியே வை.

இந்த மூணாவதத்தான் நான் ஆரம்பத்துல விட்டுட்டேன், தப்பு என்னோடது. முதல் ஆறு வாரம் "எண்பது போதும்க்கா"ன்னு சொல்லி வச்சிருந்தேன். ஒரு நாள் திரும்பி வரும்போது 34 சதவீதம்னு காட்டிக்கிட்டிருந்தது ஏத்தத்துல திடீர்னு 11-க்கு இறங்கிருச்சு, அக்காவுக்கு பழைய பயம் வந்துருச்சு. எல்.எஃப்.பி-யில இருபதுலேர்ந்து தொண்ணூறு வரைக்கும் வோல்ட் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அதனால வோல்ட்ட பாத்து சதவீதம் சொல்ல முடியாது, பி.எம்.எஸ் உள்ள போன கரண்டு வெளிய வந்த கரண்டுன்னு கணக்கு வச்சுக்கிட்டே வரும். அந்த கணக்குல தினமும் கொஞ்சம் கொஞ்சம் பிசகும், நூறுக்கு போனாதான் அது தன்னை சரி பண்ணிக்கும். செல்லுங்க ஒன்னுக்கொன்னு சமமாகுறதும் அந்த கடைசி கட்டத்துலதான். ஞாயித்துக்கிழமை ஃபுல் போட்டு ரெண்டு மணி நேரம் மாட்டி வச்சோம், அடுத்த வாரத்துலேர்ந்து சதவீதம் ஒழுங்கா இறங்குச்சு. அக்காவோட சந்தேகம் போக இன்னும் ஒரு மாசம் ஆச்சு.

தீபாவளிக்கு அக்கா குடும்பம் பத்து நாள் பினாங்கு போச்சு. போறதுக்கு முன்னாடி அறுபதுல விட்டுட்டு, ஸ்கூட்டர்ல பேட்டரிக்கு இருக்கிற பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு போகச்சொன்னேன், ஜிபிஎஸ்ஸும் அலாரமும் சும்மா நிக்கும்போதும் குடிச்சுக்கிட்டே இருக்கும். வந்து பாத்தப்போ 59. காலியாக்கி வச்சுட்டு போயிருந்தா அந்த சின்ன செலவே பேட்டரிய அடிமட்டத்துக்கு கீழ கொண்டுபோயிரும், அப்புறம் சார்ஜரே அடையாளம் கண்டுக்காது.

பேட்டரி உண்மையிலேயே எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாக்க ஒரே முறைய வச்சிருக்கேன். 15 சதவீதம் வரைக்கும் ஓட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அதே சார்ஜர்ல, அதே சுவத்து மீட்டர்ல நூறு வரைக்கும் ஏத்தி எத்தன யூனிட்னு எழுதி வைப்பேன். அதுக்கு முந்தின வாரம் ஒரு ஃபுல் சார்ஜ் போட்டிருக்கணும், இல்லன்னா அந்த 15-ஏ பொய்யா இருக்கும். முதல் மாசம் 2.78 யூனிட். பதிமூணாவது மாசம், ஓடோமீட்டர்ல 12,000 தாண்டினப்போ, 2.64. அஞ்சு சதவீதம் தேஞ்சிருக்கு. முதல் வருஷத்துல கொஞ்சம் வேகமா இறங்கிட்டு அப்புறம் மெதுவாகுறது லித்தியத்தோட வழக்கம், அதனால அஞ்ச எட்டு வருஷத்தால பெருக்கி பயப்பட வேண்டியதில்ல. இந்த பேட்டரிய மாத்த 3,000 வெள்ளின்னு கடையில சொல்றாங்க, 50,000 கிலோமீட்டர் தாங்குச்சுன்னா கிலோமீட்டருக்கு 6 சென், கரண்டோட சேத்து 8. கப்சாயோட பெட்ரோல விட இன்னமும் கூடத்தான். ஒன்றரை லட்சம் போச்சுன்னாதான் சமமா வரும். அக்காவுக்கு இது தெரியும், சத்தமில்லாம காலையில அஞ்சே முக்காலுக்கு கெளம்ப முடியுது, பெட்ரோல் ஸ்டேஷன் க்யூ இல்ல, சர்வீஸுக்கு லீவு போட வேண்டியதில்ல, அதுக்காக வச்சுக்குறேன்னு சொல்லுது.

போன மாசம் மாமா மகன் வந்தான், அவனுக்கும் வாங்கணுமாம். ஈப்போவுக்கு வேலைக்கு போறான், போக வர 70 கிலோமீட்டர், எல்லாம் பெரிய ரோடு, 70-ல போவான். அக்கா வீட்டு வராந்தாவுலேயே காகிதத்துல போட்டு காட்டினேன், கிலோமீட்டருக்கு கம்மியா 50 வாட் அவர்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 3,500, அத 0.7-ஆலயும் 0.8-ஆலயும் வகுத்தா 6,200 கிட்ட வருது. நாங்க போய் பாத்த கடைங்கள்ல பெருசுன்னு இருந்ததே 2,880. வேலை இடத்துல சார்ஜ் போட விடுவாங்களான்னு கேட்டேன், விட மாட்டாங்கன்னான். அப்ப வேணாம்டான்னேன். அவன் இப்பவும் கப்சாயிலதான் போயிட்டு வர்றான்.